கச்சான் எந்தப் பக்கம் அடிக்கிறது?

கடற்கரையில் நடக்கும் கதைகள் பலவற்றில் கடலுக்கு நாலே வேலைதான். சீறும், ஆர்ப்பரிக்கும், கொந்தளிக்கும். கதாநாயகி அழுதால் கூடவே விம்மும். அலைகள் எப்போதும் ராட்சத அலைகள். நிலா வந்துவிட்டால் வெள்ளியை உருக்கி ஊற்றியிருப்பார்கள். கரையில் நின்று கடலைப் பார்த்தவருக்கு இது போதும். கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டியவனுக்கு இதில் ஒரு சொல்லும் உதவாது. கடல் சீறுகிறது என்று சொன்னால் அவன் உடனே கேட்பது, “எந்தக் காத்து?” என்றுதான்.

தமிழில் கடலுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. ஆழி, முந்நீர், பரவை, பௌவம், புணரி, ஆர்கலி, வாரி, உவரி, அளக்கர் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். ஆனால் இவையெல்லாம் கடல் என்ற பொருளுக்கு வைத்த பெயர்கள். இன்று காலை கடல் எப்படி இருக்கிறது என்று இவற்றில் எதுவும் சொல்லாது. அதைச் சொல்லும் சொற்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை அகராதியில் பின்னால்தான் ஏறின, சில இன்னும் ஏறவே இல்லை. கச்சான், கொண்டல், வாடை, சோழகம், நீவாடு, வெலங்க, கலக்கு, தெளிவு, ஏற்றம், வற்றம், கணியம், பாகம். ஒரு கடலோர ஊரின் கதையைச் சொல்ல வருகிறவர் முதல் வரிசையை நம்பி எழுதினால் ஒரு கதை வரும். இரண்டாம் வரிசையை நம்பினால் வேறொரு கதை வரும். சில நேரம் நிகழ்ச்சிகளே மாறிவிடும்.

காற்றிலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் கடற்காரர்களும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கும் தென்மேற்கும் சேர்ந்து வந்தால் கச்சான், தெற்கிலிருந்து வந்தால் சோழகம். இலக்கியம் படித்தவர்களுக்கு வாடையும் கொண்டலும் பழைய அறிமுகம். ஆனால் சங்கப் பாட்டில் வாடை என்றால் பிரிந்தவளின் குளிர். நெடுந்தீவுக் கரையில் வாடை என்றால் ஒரு தொழில் பருவம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் அந்தத் தீவில் நடப்பது. வாடை தொடங்கும்போது வேற்றூர்ச் சம்மாட்டிகள் வந்து வாடி போட்டு மீன் பிடிப்பதும், பருவம் முடியும்போது கிளம்புவதும்தான் அந்தக் கதைக்குச் சட்டம். தலைப்பில் இருக்கும் காற்று அலங்காரத்துக்கு வந்ததல்ல. கதை எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இந்த நாவல் 1978இல் இலங்கையில் படமாகவும் வந்தது. (யாழ்ப்பாணத்தில் ‘கச்சான்’ என்று கேட்டால் கடைக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். காற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகச் சொல்லிக்கொள்வது நல்லது.)

இப்போது கச்சானை மட்டும் எடுத்துக்கொண்டு குமரிமுனைக்குப் போவோம். ஒரே சொல் எப்படி இரண்டு கதைகளாகப் பிரிகிறது என்பதை இங்கேதான் நன்றாகப் பார்க்க முடியும்.

முனைக்கு மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. வைகாசி முடிந்து ஆனி பிறந்ததும் வரும் கச்சான் இங்கே கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். காற்றோடு அரபிக்கடலின் பெரிய அலையும் நேராகக் கரையில் வந்து மோதும். எனவே இங்கே ஆனி, ஆடி மாதங்களில் பயம் முழுக்க அலை உடைகிற அந்தச் சில நூறு அடியில்தான். கட்டுமரத்தையோ வள்ளத்தையோ அதைத் தாண்டி வெளியே கொண்டுபோக வேண்டும், மாலையில் அதைத் தாண்டி உள்ளே கொண்டுவர வேண்டும். கரையில் நிற்கும் பெண்களின் கண்முன்னே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலேயே ஒருவன் அடிபடலாம். கடல் அரித்து வீடு விழுவதும் இந்தக் கரையின் இந்த மாதத்துச் செய்திதான்.

முனைக்குக் கிழக்கே கூடங்குளம், இடிந்தகரை, உவரி, மணப்பாடு. இந்தக் கரை தென்கிழக்கைப் பார்க்கிறது. அதே மாதம், அதே கச்சான். ஆனால் இங்கே அது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தேரிமணலையும் வாரிக்கொண்டு, நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்குகிறது. கரையோரம் அலை படிந்துகூடக் கிடக்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் கடல் அமைதியாக இருக்கிறது என்பான். மரத்தை இறக்கிப் பாயை விரித்தால் நோகாமல் வெளியே போய்விடலாம். திரும்புவதுதான் பாடு. காற்று வெலங்கத் தள்ளும். வெலங்க என்றால் கரையை விட்டு விலகி ஆழத்தின் பக்கம். குளச்சலில் கச்சான் கரையில் அடித்துக் கொல்லும்; உவரியில் ஓசையில்லாமல் கொண்டுபோய்விடும்.

இது தெரிந்த கதைசொல்லி, ‘ஆனி மாதம், கச்சான் எழும்பிவிட்டது’ என்று எழுதிவிட்டு ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டால், பயம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார் என்று பொருள். தெரியாதவர் இடிந்தகரைக் கதையில் ஆடி மாத அலையைக் கரையில் உடைத்து நாலு குடிசையை அடித்துக்கொண்டு போகவிடுவார். அந்த ஊர்க்காரர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. அவர் உவரிக்காரர். நாவலின் ஆமந்துறை கற்பனைப் பெயர் என்றாலும் கரை இந்தக் கிழக்குக் கரைதான். கட்டுமரத்தோடு கடலில் சிக்கிக்கொண்ட மூன்று பேர் நாவல் முழுக்க நீரில் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக ஊரின் அரை நூற்றாண்டு திரும்பி வருகிறது. தலைப்பு கம்பனிடம் வாங்கிய சொற்றொடர், உள்ளே இருப்பது முழுக்கக் கரையின் பேச்சு. இப்படி ஒரு கதைக்கு இந்தக் கரையை விட்டால் வேறு இடம் பொருந்தாது என்று எனக்குத் தோன்றும். கரை கண்ணுக்குத் தெரிந்து, மெல்ல மெல்லத் தெரியாமல் போகிற பயம் இங்கேதான் ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கம்.

அந்த ‘மெல்ல மெல்ல’ என்பதற்குக் கணக்கு உண்டு. கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவனின் கண் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருக்கும். பூமி வளைந்திருப்பதால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கரையின் மணல் அவனுக்குத் தெரியாது. முதலில் மறைவது மணலும் படகுகளும் மனிதர்களும். பனைமரங்களின் அடி அடுத்து மறையும், தலை மட்டும் கடலில் மிதப்பதுபோல நிற்கும். இருபது மீட்டர் பனையின் தலையும் மறைய வேண்டுமானால் பத்தொன்பது கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். மாதா கோயில் கோபுரம் அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் தெரியும். கடைசியில் மேற்கு மலையின் நீலம் மட்டும். கச்சான் காலத்தில் தேரிப் புழுதி கிளம்பிவிட்டால் இந்தக் கணக்கும் உதவாது, எல்லாம் சீக்கிரமே மங்கிவிடும். ‘கரையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார்கள்’ என்று எழுதுவதைவிட, ‘பனந்தலையும் போயிற்று’ என்று எழுதினால் அந்த மரத்தில் இருக்கிறவனின் கண்ணிலிருந்து கதை நகரும்.

கரையின் அடையாளங்களை வைத்தே மீனவர்கள் கடலுக்குள் இடம் பிடிப்பதும். இதற்குக் கணியம் என்று பெயர். கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் மலையின் ஒரு கொம்பும் ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் ஒரு பனங்கூட்டமும் அதற்குப் பின்னால் உள்ள வேறொரு உச்சியும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நீருக்கு அடியில் பார் இருக்கிறது, பாரில்தான் மீன். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. பதினைந்து பாகத்தில் கல்லைப் போட்டோம் என்றால் தொண்ணூறு அடி ஆழத்தில் நங்கூரக் கல் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு குடும்பத்தின் கணியம் இன்னொரு குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பது கதைக்காரருக்குக் கிடைக்கும் பெரிய வசதி. சாகக் கிடக்கும் அப்பன் மகனுக்குச் சொத்தாக எதைச் சொல்லிவிட்டுப் போவான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

காற்றுக்கு அடுத்தது நீவாடு. கடலுக்குள் நீர் ஓடும் ஓட்டத்துக்குத் தென்கரையில் இந்தச் சொல்தான். சோழகத்தின் பக்கமிருந்து, அதாவது தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு. வாடைப் பக்கமிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு. காற்றின் பெயரை ஒட்டவைத்தே ஓட்டத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் காற்றும் நீவாடும் எப்போதும் ஒரே பக்கம் போவதில்லை, கடலின் குணம் மாறுவது அங்கேதான். இரண்டும் சேர்ந்து போனால் அலை நீண்டு படுத்துப் போகும். எதிர்த்துக்கொண்டால் அதே காற்றுக்கு அலை குட்டையாகி, செங்குத்தாகி, தலை உடைந்து மரத்துக்குள் விழும். பத்து நிமிடத்துக்கு முன் நன்றாக இருந்த கடல் திடீரென்று முரண்டு பிடித்ததென்றால் பல நேரம் காற்று கூடியிருக்காது, நீவாடு திரும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டத்தைத் தூண்டில் கயிறு காட்டிக்கொடுக்கும். கல் போட்டு நிற்கும் மரத்திலிருந்து குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் அது நேராக இறங்காது, நீவாடு போகிற பக்கம் சாயும். சாய்வு எவ்வளவு என்பதிலிருந்து ஓட்டத்தின் வேகம்.

இந்தச் சொற்களை வைத்து ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். உவரிக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை ஊர். ஆனி மாதம். மாமனும் மருமகனும் கட்டுமரத்தில் போயிருக்கிறார்கள். வழக்கமான எழுத்தில் அது இப்படி வரும்:

‘திடீரென்று கடல் சீறத் தொடங்கியது. ராட்சத அலைகள் எழுந்தன. பேய்க்காற்றில் கட்டுமரம் தத்தளித்தது. உயிர் பிழைப்போமா என்ற அச்சம் இருவரையும் கவ்வியது. இறைவனை வேண்டிக்கொண்டார்கள்.’

இதில் இறைவனை வேண்டுவதைத் தவிர அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எழுதியவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இப்போது அதே காட்சி:

‘கச்சான் உச்சிக்கு முன்னமே எழும்பிவிட்டது. பனந்தலை போய்விட்டது, கோபுரம் மட்டும் குச்சியாகத் தெரிந்தது. மருமகன் தூண்டிலைச் சுருட்டாமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னலே பாக்க?”

“கயிறு வடக்க சாயுது மாமா. சோநீவாடு.”

“காலையிலயே அதான். கல்லத் தூக்கு.”

“பாய வைப்பமா?”

“வச்சா இன்னும் வெலங்கதான் போவோம். தொளவையப் போடு. கச்சான் அமரட்டும், பொறவு பாப்போம்.”

“நம்ம ஊரு போயிருமே மாமா.”

“போட்டும். இந்த நீவாட்டுக்கு நம்ம ஊர்ல ஏற முடியாது மக்கா. மணப்பாட்டுல ஏறுவோம்.”’

இங்கே சீற்றம் இல்லை, ராட்சதம் இல்லை. ஆனால் காற்று கிழக்கே தள்ளுகிறது, நீர் வடக்கே இழுக்கிறது, மாமன் இரண்டையும் கூட்டிக் கழித்து வேறோர் ஊரை முடிவு செய்கிறார். கச்சான் பகலில் ஏறி, பொழுது சாய்ந்தபின் பெரும்பாலும் அடங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அதுவரை துடுப்பைப் போட்டு இடத்தைக் காக்கச் சொல்கிறார். தொளவை என்றால் துடுப்பு என்று அடிக்குறிப்பு தேவையில்லை. பாய் வேண்டாம் என்றதும் போடச் சொல்கிற பொருள் வேறென்னவாக இருக்க முடியும்? இரவு அவர்கள் மணப்பாட்டில் ஏறினால் அங்கே யார் வீட்டுத் திண்ணையில் படுப்பார்கள், பழைய சம்பந்தமா பழைய பகையா, அன்றைக்கு ஊரில் பெண்கள் கரையில் எதுவரை காத்திருப்பார்கள் என்று அடுத்த அத்தியாயம் தானாகத் திறக்கிறது. அதைத் திறந்துவிட்டது நீவாடு என்ற ஒரு சொல்.

இப்படி ஒரு சொல்லை வாசகருக்குப் பழக்குவதில் ஒரு முறை இருக்கிறது. முதல் தடவை அது பேச்சில் வரட்டும், புரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் தடவை அதன் விளைவோடு வரட்டும்: கயிறு சாய்கிறது, வலை சுருண்டுகொள்கிறது, கை வலிக்கிறது. மூன்றாம் தடவை அதை நம்பி ஒருவன் முடிவெடுக்கட்டும். அதற்குப் பிறகு வாசகர் அந்தச் சொல்லைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்வார். ஒரே பக்கத்தில் பதினைந்து வட்டாரச் சொற்களைக் கொட்டிவிட்டுப் பின்னிணைப்பில் அகராதி போடுவது கதையைச் சொல்வது ஆகாது. அகராதி இருக்கலாம், அதைப் புரட்டாமலேயே கதை நகர வேண்டும்.

வினைச்சொற்களும் இதே கதைதான். கரைப் பேச்சில் கடல் எழுவாயாக வரும்போது சாதாரண வினைகளையே எடுத்துக்கொள்ளும். கடல் கிடக்கும், அடிக்கும், ஏறும், வாங்கும், இரையும், கலங்கும், தெளியும். இந்த ‘கிடக்கும்’ என்பதைக் கவனியுங்கள். ‘கடல் எப்படிக் கிடக்கு?’ என்பதுதான் விடிகாலைக் கேள்வி. அதில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. வேலைக்குப் போகிறவன் வேலையிடத்தைப் பற்றிக் கேட்கிறான். ‘கொந்தளிக்கும்’ என்பதை எழுத்தாளர்களும் வானொலியும் சேர்ந்து தேய்த்துவிட்டார்கள். ‘கடல் கொந்தளிப்பாகக் காணப்படும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று அறிவிப்பில் வருகிற சொல் அது. கதையிலும் அறிவிப்பில் வருகிற இடத்துக்கு விட்டுவிடலாம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதைச் சொல்கிற வரியில் அது இயல்பாக நிற்கும்.

கலக்கும் தெளிவும் நீரின் நிறத்தைச் சொல்லும் சொற்கள். ஆனால் நிறத்துக்காக யாரும் அவற்றைச் சொல்வதில்லை. தெளிந்த நீரில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், விலகிப் போகும். கலங்கிய நீரில் தெரியாது. இறாலும் அந்தக் கலக்கில்தான் ஏறும். ஆகவே மழை விட்ட மறுநாள் ‘தண்ணி கலங்கிக் கிடக்கு’ என்று ஒருவன் ஓடி வந்து சொன்னால் அது நல்ல செய்தி. நகரத்து வாசகர் தெளிவு என்றால் நல்லது, கலக்கம் என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்வார். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ போல, வள்ளத்தை வைத்திருப்பவனுக்கும் லாஞ்சி வாங்கியவனுக்கும் பகை மூளுகிற ஊர்க்கதையில் இந்த மாதிரி ஒரு காலைச் செய்தி யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சொல்கிறவன் குரலை வைத்துத்தான் அர்த்தம்.

நிலவும் இப்படித்தான். முழுநிலா இரவில் வெளிச்சம் இருப்பதால் மேல்மட்டத்து மீனுக்கு வலை தெரியும், வலைக்காரனுக்குப் பாடு குறையும். தமிழகத் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆகவே பௌர்ணமியன்று கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று எழுதினால் வேறு காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரின் இழுப்பு கூடும், அட்டமியை ஒட்டித் தணியும். கடற்கரை வீட்டில் காலண்டரின் திதியைப் பார்ப்பது பூசைக்கு மட்டுமல்ல.

காற்றே இல்லாமல் கடல் ஏறுவதும் உண்டு. சொற்களைப் பற்றிய இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அங்கேதான் இருக்கிறது: கள்ளக்கடல். கேரளக் கரையிலும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் புழங்குவது. வானம் தெளிந்திருக்கும், மரத்தின் இலை அசையாது, பங்குனி சித்திரை வெயில் காயும். அந்த வேளையில் கடல் சொல்லாமல் ஏறி வந்து மணலில் இழுத்து வைத்த வள்ளங்களைப் புரட்டிவிட்டுப் போகும். திருடன் போல வருவதால் அந்தப் பெயர். காரணம் இங்கே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு புயல் எழுப்பிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே உள்ள காற்று கிளப்புகிற அலை ஒன்றின் பின் ஒன்றாக அடுத்தடுத்து வரும். இது அப்படியல்ல, ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து விநாடிக்கு மேலும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கடல் அடங்கிவிட்டது என்று நினைத்து ஆள் இறங்குவான். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இன்று எச்சரிக்கை விடும்போதும் இதே பெயரைத்தான் எழுதுகிறது.

2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் தென்கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. இப்படி ஒரு நாளைக் கதையில் சொல்ல வருகிறவருக்குச் சீற்றமும் ஆர்ப்பரிப்பும் எதிரிகள். இதில் முன்னறிகுறி எதுவும் இல்லை என்பதே விஷயம். மொழி அமைதியாக இருக்க வேண்டும்: காற்றில்லை, வெயில், நீண்ட இடைவெளி, ஓர் அலை. சொல்லிலேயே கள்ளம் இருக்கிறது, வேறு எதையும் ஏற்றத் தேவையில்லை.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இந்தப் பக்கத்து ஊரான தேங்காய்ப்பட்டணத்தின் கதை. ஆனால் அதில் மையமாக இருப்பது மீன்பிடிப்பு அல்ல. ஒரு முதலாளி வீட்டின் அதிகாரமும் அதன் சரிவும். மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அந்தப் பேச்சு, கடல் வழியாக வந்தவர்கள் விட்டுப்போன வண்டல். கடலைப் பற்றிப் பேசாத இடத்திலும் கடல் இப்படி மொழிக்குள் இருக்கும். இரவில் அலையில் எழும் நீல வெளிச்சத்துக்கு மலையாளக் கரையில் கவர் என்று பெயர், ‘கவர் பூத்திருக்கு’ என்பார்கள். இதைத் தேங்காய்ப்பட்டணத்துக் கதாபாத்திரம் சொல்லலாம். மணப்பாட்டுக் கதாபாத்திரத்தின் வாயில் வைத்தால் காது உறுத்தும்.

இந்த எல்லை விஷயத்தில் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவதைப் பார்க்கிறேன். சென்னைக் குப்பத்தில் நடக்கும் கதைக்கு உவரிச் சொல்லையும், உவரிக் கதைக்கு யாழ்ப்பாணச் சொல்லையும் கடன் வாங்கிப் போடுகிறார்கள். எல்லாம் மீனவத் தமிழ்தானே என்று. ராமேஸ்வரம் தீவில் ஒரு மைல் நடந்தாலே கடலின் பால் மாறிவிடும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே ஆழமில்லாத பாக் விரிகுடா பெண்கடல். தெற்குக் காற்று நாளில் ஆண்கடல் அடித்துக்கொண்டிருக்கும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடை வந்தால் பெண்கடல் எழும்பும். அங்கே ஒருவன் ‘இன்னைக்குக் கடல் சரியில்ல’ என்று பொதுவாகச் சொல்லவே மாட்டான். எந்தக் கடல் என்பது முதலில் வரும்.

சில பொழுதுகளுக்குக் கரையிலும் சொல் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26க்கு முன் சுனாமி என்ற சொல் இந்த ஊர்களில் யார் வாயிலும் கிடையாது. இலக்கியத்தில் கடல்கோள் இருந்தது. பின்னால் பத்திரிகைகள் ஆழிப்பேரலை என்று எழுதின. அந்தக் காலையில் ஓடியவன் வாயில் இரண்டும் இருந்திருக்காது. ஆகவே அந்த நாளைச் சொல்லும் கதையில் அலை வருகிற நிமிடத்தில் ‘சுனாமி’ என்று ஒருவன் கத்துவது பிழை. ‘கடல் வருது’ என்று கத்தலாம். மறுநாள், மருத்துவமனை வராந்தாவில், தொலைக்காட்சியிலிருந்து அந்தப் பெயர் அவனுக்கு வந்து சேரும்.

சொற்கள் போகவும் செய்கின்றன. பாய்மரம் போனதும் பாயின் சட்டத்துக்கும் கயிறுகளுக்கும் இருந்த பருமல், தாமான் போன்ற பெயர்கள் இளையவர்கள் வாயிலிருந்து போய்விட்டன. ஜிபிஎஸ் வந்தபின் கணியம் பார்க்கத் தெரிந்தவர்கள் வயதானவர்களாகிவிட்டார்கள். பாரின் இடம் இப்போது கருவியில் எண்ணாகக் கிடக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி நடக்கிறது, பையன்கள் கைப்பேசியில் காற்றின் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். 2020களில் நடக்கும் கதையில் இருபத்தைந்து வயதுக்காரன் தாமானை இழுத்துக் கட்டினால் அவன் தாத்தாவின் நாவலிலிருந்து தப்பி வந்தவன். ஆனால் அவனும் நீவாடு என்றுதான் சொல்வான். எஞ்சின் காற்றை வென்றுவிடும். விரித்துப் போட்ட வலைக்கு எஞ்சின் கிடையாது, அது இன்னும் நீர் போகும் வழியேதான் போகிறது.